எல்லாக் கட்டமும் நிரம்பிய அட்டை: டர்பனில் ஒரு தடுப்பூசி நிகழ்வு ஆய்வு

2025 ஜூன் 4, புதன்கிழமை காலை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்துக்கடை ஒன்றோடு சேர்ந்த தடுப்பூசி அறையில் நான் நர்ஸாக இருக்கிறேன். சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மாவும், அவருடைய 24 வயது மகளும், கூடவே பாட்டியான ஆயாவும் வந்திருந்தார்கள். மகள் இங்கே பிசியோதெரபி படித்து முடித்தவள். மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி விமானம். போய்ச் சேர்ந்த முதல் பருவத்திலேயே மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி தொடங்கும் என்பதால், தடுப்பூசி விவரங்கள் முழுமையாக ஏற்கப்பட்டால்தான் பெயரைப் பதிவு செய்வார்கள்.

அம்மா கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு மஞ்சளடைந்த அட்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் க்ளினிக்கில் கொடுக்கும் 'ரோட் டு ஹெல்த்' அட்டைதான். ஒரு பக்கம் எடை வரைபடம், மறுபக்கம் தடுப்பூசி அட்டவணை. அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒவ்வொன்றிலும் தேதி, கையெழுத்து, சிலவற்றில் மங்கிய முத்திரை.

"பாருங்க சிஸ்டர், ஒண்ணுகூட விடல. ஆனா அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார் அம்மா. குரலில் வருத்தம் இருந்தது. அது நியாயம்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்று, ஒரு தவணையும் தவறாமல் போட்ட பிள்ளை. பல்கலைக்கழகத்தின் இணையப் படிவத்தில் மூன்று இடங்களில் 'செல்லாது' என்று வந்திருந்தது: எம்எம்ஆர், ஹெபடைடிஸ் பி, டீடேப். எம்எம்ஆர் என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி. ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் நோய். டீடேப் என்பது பெரியவர்களுக்கான ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஊசி.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இதே அட்டையோடு, இதே குழப்பத்தோடு வருகிறவர்கள் நிறைய பேர். ஒரு அட்டையை முழுசாகப் படித்துக் காட்டினால் மற்றவர்கள் தங்கள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தாங்களே பார்க்கலாம்.

அட்டையில் இருந்தது

பிள்ளை பிறந்தது 2001 மார்ச் 12. பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி ஊசியும் போலியோ சொட்டு மருந்தும். ஆறாவது வாரம், அதாவது ஏப்ரல் 24-ஆம் தேதி, போலியோ சொட்டு, முத்தடுப்பு ஊசி, ஹிப் என்ற கிருமிக்கான ஊசி, ஹெபடைடிஸ் பி. பத்தாவது வாரம் மே 22-இலும், பதினான்காவது வாரம் ஜூன் 19-இலும் அதே நான்கும் மறுபடி. ஒன்பதாவது மாதம் டிசம்பர் 13-இல் தட்டம்மை ஊசி. பதினெட்டாம் மாத வரிசையில் தட்டம்மை இரண்டாவது, முத்தடுப்பு நான்காவது, போலியோ நான்காவது. ஐந்து வயதில் போலியோவும், 'டிடி' என்ற இரட்டைத் தடுப்பு ஊசியும். அதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது.

2001-இல் தென்னாப்பிரிக்க அரசு க்ளினிக்கில் கொடுத்தது இவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி 1995-இல்தான் சேர்ந்தது, ஹிப் 1999-இல். நிமோனியாவுக்கான ஊசியும் ரோட்டாவைரஸ் மருந்தும் 2009-இல்தான் வந்தன. ஆகவே இந்த அட்டையில் அவற்றுக்குக் கட்டமே கிடையாது.

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். காலிக் கட்டத்தைத் தேடுகிறார்கள். இல்லை என்றதும் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் இந்த அட்டை அச்சடித்த வருஷத்தில் அரசாங்கம் எதையெல்லாம் கொடுத்ததோ அதற்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறது. கொடுக்காத ஊசிக்குக் கட்டமும் இல்லை, அதனால் காலியாகவும் தெரியாது. நான் எப்போதும் செய்வது, அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, போகும் நாடு கேட்கும் பட்டியலை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதிக்கொள்வது. அப்புறம் ஒவ்வொரு நோய்க்கும் நேரே அட்டையிலிருந்து தேதியை எடுத்து வைப்பேன். ஊசியின் பெயரை வைத்துத் தேடக் கூடாது, நோயின் பெயரை வைத்துத் தேட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் செய்தோம்.

தட்டம்மை என்ற ஒற்றைச் சொல்

முதலில் எம்எம்ஆர். படிவத்தில் 'எம்எம்ஆர் 1', 'எம்எம்ஆர் 2' என்று இரண்டு இடம். மகள் அதில் அட்டையில் இருந்த இரண்டு தட்டம்மைத் தேதிகளையும் போட்டிருந்தாள். அட்டையின் படத்தையும் இணைத்திருந்தாள். அங்கே சரிபார்த்தவர் படத்தைப் பார்த்திருக்கிறார். அதில் தட்டம்மை என்று மட்டும்தான் இருக்கிறது.

அட்டையில் எழுதியிருப்பது உண்மை. அந்தக் காலத்தில் அரசு க்ளினிக்கில் போட்டது தட்டம்மைக்கு மட்டுமான தனி ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கும் ருபெல்லாவுக்கும் அதில் ஒன்றும் இல்லை. ருபெல்லா சேர்ந்த ஊசி அரசு அட்டவணைக்கு வந்ததே சமீப ஆண்டுகளில்தான். பொன்னுக்கு வீங்கி அதிலும் கிடையாது. தனியார் டாக்டரிடம் காட்டிய குடும்பங்களில் மட்டும், பதினைந்தாம் மாதத்தை ஒட்டி எம்எம்ஆர் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் அட்டையின் ஓரத்தில் கையால் எழுதியோ, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டியோ இருக்கும். அதையும் தேடிப் பார்த்தோம். இல்லை.

ஆக, ருபெல்லாவும் பொன்னுக்கு வீங்கியும் பூஜ்யம். தட்டம்மை மட்டும் இரண்டு. ஆனால் அந்த இரண்டுமே செல்லுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனிலும் அப்படித்தான். தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்புப் பொருள் அந்த வயதில் இன்னும் ரத்தத்தில் மிச்சமிருக்கும். அது ஊசியில் இருக்கும் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமியைப் பெருக விடாமல் தடுத்துவிடலாம். நம் நாட்டில் ஒன்பதாம் மாதமே போட்டதற்கும் காரணம் உண்டு. இங்கே தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது, குழந்தை ஒரு வயது வரை காத்திருக்க முடியாது. இரண்டு முடிவும் அந்தந்த ஊர் நிலைமைக்குச் சரி. இடம் மாறும்போதுதான் கணக்கு இடிக்கிறது. எனவே 2001 டிசம்பர் 13 போய்விட்டது.

மிஞ்சியது பதினெட்டாம் மாத ஊசி. அதன் தேதி '2/10/2002' என்று எழுதியிருந்தது.

இதை நாம் அக்டோபர் 2 என்று படிப்போம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் அங்கே இது பிப்ரவரி 10. பிப்ரவரி 10 என்றால் பிள்ளைக்கு அன்றைக்குப் பதினோரு மாதம்கூட முடியவில்லை, ஒரு வயதுக்கு முந்தியது. அதனால்தான் அந்த ஊசியையும் 'செல்லாது' என்று தள்ளிவிட்டார்கள்.

அக்டோபர்தான் என்று எப்படி உறுதி செய்வது? அட்டையே சாட்சி சொன்னது. முதலில், அதே வரிசையில் அதே கையெழுத்தில் முத்தடுப்பு நான்காவது தவணை. அது பதினெட்டாம் மாத ஊசி. பதினோரு மாதக் குழந்தைக்கு யாரும் போட மாட்டார்கள். அடுத்து அட்டையைத் திருப்பி எடை வரைபடத்தைப் பார்த்தேன். பத்தொன்பதாம் மாதக் கோட்டுக்குச் சற்று முன்னால் நீல மையில் ஒரு புள்ளி, பக்கத்தில் 10.4 கிலோ. பதினோராம் மாதத்துக்கு நேரே புள்ளியே இல்லை. கடைசியாக நாட்காட்டி. 2002 பிப்ரவரி 10 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் 2 புதன்கிழமை. குழந்தைகளுக்கு ஊசி போடும் க்ளினிக் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கவில்லை. பழைய அட்டையில் எந்தத் தேதி மயங்கினாலும் முதலில் கிழமையைப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்று பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

அம்மாவுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. "ஸ்கூல்ல ஒரு தடவ எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாங்களே?" 2010-இல் தட்டம்மை பெரிதாகப் பரவியபோது, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நாடு முழுக்க ஊசி போட்டார்கள். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. போட்டிருக்கக்கூடும். ஆனால் அந்த மாதிரி முகாம்களில் போட்டது பல பேருக்கு இந்த அட்டையில் ஏறவே இல்லை, தனிச் சீட்டாகக் கொடுத்தார்கள். சீட்டு வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் அதுவும் தட்டம்மை மட்டும்தான். மற்ற இரண்டு நோய்க்கும் எம்எம்ஆர் போட்டே ஆக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை செய்து, மூன்றுக்கும் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாமே என்று மகள் கேட்டாள். செய்யலாம். பலரும் செய்கிறார்கள். இந்த நிலைமையில் நான் அதைச் சொல்வதில்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் ருபெல்லாவுக்கும் ஊசியே போடாதவளுக்கு மூன்றுமே நல்லபடியாக வருவது அரிது. ஒன்று குறைந்தாலும் அதே எம்எம்ஆர்தான். எதிர்ப்பு ஏற்கெனவே இருப்பவருக்கு எம்எம்ஆர் மறுபடி போட்டால் கெடுதல் இல்லை. ரிசல்ட் வர ஆகும் நாட்களும் வீண். அதோடு, ரத்த ரிசல்ட் 'நிச்சயமில்லை' என்று நடுவில் நின்றுவிட்டால் இன்னொரு சிக்கல். எழுத்தில் இருக்கும் இரண்டு தவணைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்று ஊசியும் சரியான தேதியில், ஆனாலும் செல்லாது

ஹெபடைடிஸ் பி-யில் அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. எனக்கும் பல வருஷம் முன்னால், முதன்முதலாக இதைப் பார்த்தபோது புரியவில்லை. மூன்று தவணை வேண்டும் என்கிறார்கள், மூன்று தவணை இருக்கிறது. பெயரும் சரி, தேதியிலும் மயக்கம் இல்லை.

விஷயம் மூன்றாவது தவணையின் வயதில் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ஹெபடைடிஸ் பி-யின் கடைசித் தவணை குழந்தைக்கு 24 வாரம் ஆன பிறகுதான் போட வேண்டும். முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் நடுவே குறைந்தது 16 வாரம் இருக்க வேண்டும். நம் ஊர் அட்டவணை 6, 10, 14 வாரம். இந்தப் பிள்ளைக்கு மூன்றாவது ஊசி போட்ட ஜூன் 19 அன்று வயது 99 நாள், அதாவது 14 வாரமும் ஒரு நாளும். முதல் ஊசியிலிருந்து எண்ணினால் 8 வாரம்தான். இரண்டு கணக்கிலும் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 6, 10, 14 வார முறையை ஏற்கிறது, குழந்தைகளை அது நன்றாகவே காப்பாற்றியும் இருக்கிறது. ஊசி தப்பாகப் போடப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எண்ணும் முறையில் முதல் இரண்டும் செல்லும், மூன்றாவது செல்லாது. அவ்வளவுதான்.

இதற்காக முதலிலிருந்து மூன்றும் போடச் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. போட்ட தவணைகளுக்கு நடுவே எத்தனை வருஷம் போனாலும் தொடர் அறுந்துபோவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தவணை.

அதற்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு, ஏனென்றால் இவள் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்யப் போகிறவள். ஊசி போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் சரி. இதில் வரிசை முக்கியம். ஊசி போடுவதற்கு முன்பே பரிசோதித்திருந்தால், இவ்வளவு வருஷத்தில் அளவு இறங்கி 10-க்குக் கீழே காட்டியிருக்கலாம். பாதுகாப்பு இருந்தும் காகிதத்தில் இல்லை என்று ஆகியிருக்கும். 10-க்கு மேல் வந்திருந்தாலும், தொடர் முழுமையாகாத ஆளுக்கு அந்த எண்ணை மட்டும் வைத்து ஏற்க மாட்டார்கள். அதனால் முதலில் ஊசி, அப்புறம் ரத்தம்.

ஒன்றரை வயதோடு நின்றுபோன கக்குவான்

டீடேப்பில் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. குழந்தைக்குப் போட்ட முத்தடுப்பு ஊசி மூன்று நோய்க்கு. ஐந்து வயதில் போட்ட 'டிடி' இரண்டு நோய்க்குத்தான்: தொண்டை அடைப்பான், ரண ஜன்னி. கக்குவான் இருமல் அதில் இல்லை. ஆக, கக்குவானுக்கு இவளுக்குக் கடைசியாகப் போட்டது அந்த 2002 அக்டோபர் 2 அன்றுதான், ஒன்றரை வயதில். அந்தப் பாதுகாப்பு சில வருஷங்களில் தேய்ந்துவிடும். பன்னிரண்டு வயதில் ஒரு ஊக்க ஊசி பின்னால் அட்டவணையில் வந்தது. ஆனால் இந்த அட்டை அதற்கு முன்னால் அச்சானது. பள்ளியிலோ க்ளினிக்கிலோ போட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை. போட்டிருந்தாலும் அதிலும் அப்போது கக்குவான் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் ஒரு டீடேப் வேண்டும், ஒன்றே போதும். எங்களிடம் இருந்தது போலியோவும் சேர்ந்த வகை, அதுவும் செல்லும்.

போலியோவில் குறையே இல்லை. ஆறு தவணை சொட்டு மருந்து, எல்லாம் 2016-க்கு முந்தியவை. சொட்டு மருந்தின் கலவை மாறியது 2016 ஏப்ரலில், அதற்கு முன் போட்டதை மூன்று வகைக் கிருமிக்கும் எதிரான மருந்தாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆயா சொன்ன அம்மை

படிவம் சின்னம்மையையும் கேட்டது. நம் அரசு அட்டவணையில் அது எப்போதுமே இருந்ததில்லை. மகள் 'எனக்கு வந்திருக்கிறது' என்று டிக் செய்திருந்தாள். அந்த இடத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஆயாதான் சாட்சி. "அம்மை போட்டுச்சு சிஸ்டர். ஆறு வயசிருக்கும். வேப்பிலையில படுக்க வச்சு, தண்ணி ஊத்தி, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தோம்."

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பழக்கம், என் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நம் மொழியில் அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை நோய் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். சின்னம்மையும் அம்மைதான், தட்டம்மையும் அம்மைதான். பெரியம்மையும் புட்டாளம்மையும் அதே பெயர்தான். எல்லாவற்றுக்கும் அதே வேப்பிலை, அதே அம்மன். ஆகவே "அம்மை போட்டது" என்பதை வைத்து எது என்று சொல்ல முடியாது. நான் ஆயாவிடம் கொப்புளம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நீர் கோத்து முத்து முத்தாக, தலைமுடிக்குள்ளேயும் வந்தது, ஒன்று காயும்போதே இன்னொன்று புதிதாகக் கிளம்பியது என்றார். அது சின்னம்மையின் அடையாளம். தட்டம்மை என்றால் நீர்க் கொப்புளம் இருக்காது. சிவந்த தடிப்பு முகத்திலிருந்து கீழே இறங்கும், கண் சிவந்து இருமலும் சளியும் கூடவே இருக்கும்.

எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனாலும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறவர்களிடம் ஆயாவின் வார்த்தையை ஏற்க மாட்டார்கள், டாக்டர் பார்த்து எழுதியது வேண்டும் அல்லது ரத்தப் பரிசோதனை வேண்டும். சின்னம்மைக்கு மட்டும் ரத்தம் பார்க்கச் சொன்னேன். எம்எம்ஆருக்கு வேண்டாம் என்றவள் இதற்கு ஏன் சொன்னேன் என்றால், இங்கே எதிர்ப்பு இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். இருந்தால் இரண்டு ஊசி மிச்சம்.

நாட்களை அடுக்கியது

இனி கையில் இருந்தது பத்து வாரம். இங்கே வரிசை தவறினால் நாட்கள் போய்விடும்.

படிவத்துக்கு வேண்டிய காசநோய்ப் பரிசோதனையைத்தான் முதலில் வைத்தேன். எம்எம்ஆர் உயிருள்ள கிருமி ஊசி. போட்ட பிறகு சில வாரங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையைப் பொய்யாக 'இல்லை' என்று காட்ட வைக்கலாம். ஆகவே எம்எம்ஆருக்கு முன்போ அதே நாளிலோ ரத்தம் எடுத்துவிட வேண்டும். அந்த நாளை விட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க நேரும். இன்னொன்று, கையில் மருந்தை ஏற்றி இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் பழைய முறை இவளுக்கு வேண்டாம் என்றேன். பிறந்தவுடன் போட்ட பிசிஜியின் தழும்பு வலது புஜத்தில் தெளிவாக இருக்கிறது. பிசிஜி போட்டவர்களுக்கு அந்தப் பழைய முறை சில சமயம் வீணாக 'இருக்கிறது' என்று காட்டும். ரத்தத்தில் பார்க்கும் முறையை பிசிஜி குழப்பாது.

அன்றைக்கே, ஜூன் 4, முதலில் ரத்தம் எடுத்தோம், காசநோய்க்கும் சின்னம்மைக்கும். ஊசிக்கு முன் கேட்க வேண்டியதைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கர்ப்பம் இருக்கிறதா, அடுத்த ஒரு மாதத்தில் வாய்ப்பு உண்டா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்எம்ஆர் போட மாட்டேன், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அம்மாவும் ஆயாவும் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டால் உண்மையான பதில் வராது. எதுவும் இல்லை என்றாள். எம்எம்ஆர் முதல் தவணை, டீடேப், ஹெபடைடிஸ் பி மூன்றும் அன்றே போட்டோம்.

இரண்டாவது எம்எம்ஆருக்குக் குறைந்தது 28 நாள் இடைவெளி. எண்ணினால் ஜூலை 2, அதுவும் புதன்கிழமை. ஒரு நாள் முன்னால் வரட்டுமா, ஜூலை 1-இல் வேலை இருக்காது என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படிவத்தைச் சரிபார்ப்பவர் நாளை எண்ணுவார், 27 என்று வந்தால் மறுபடி ஒரு ஊசி, மறுபடி ஒரு சண்டை.

ரத்த ரிசல்ட் முதல் வாரத்திலேயே வந்தது. காசநோய் இல்லை. சின்னம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறது. ஆயா சொன்னது சரி. எதிர்ப்பு இல்லை என்று வந்திருந்தால் அதன் முதல் ஊசியை ஜூலை 2-இல், எம்எம்ஆர் போடும் அதே நாளில் போட்டிருப்பேன். அதுவும் உயிருள்ள ஊசி. அப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நடுவே 28 நாள் விட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாளில் போட்டால் பின்னால் போட்டது செல்லாமல் போகும்.

ஜூலை 2-இல் எம்எம்ஆர் இரண்டாவதும், விடுதியில் தங்குகிறவர்களுக்குக் கேட்கும் மூளைக்காய்ச்சல் ஊசியும் போட்டோம். அந்த ஊசி 16 வயதுக்கு மேல் போட்டதாக இருக்க வேண்டும், அதனால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஜூலை 16-இல் ஹெபடைடிஸ் பி-க்கு ரத்தம். 214 வந்தது. 10 போதும் என்ற இடத்தில் 214.

படிவம் கேட்காத ஒன்றையும் சொன்னேன். கருப்பை வாய்ப் புற்றுக்கான எச்பிவி ஊசி நம் பள்ளிகளில் 2014-இல் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கியது. அப்போது இவளுக்குப் பதின்மூன்று. ஒரு சில வருஷ வித்தியாசத்தில் விட்டுப்போன தலைமுறை. இந்த வயதில் மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். முதல் தவணையை ஜூலையில் இங்கே போட்டுக்கொண்டாள், மீதி இரண்டையும் அங்கே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

காகிதம்

இவ்வளவையும் சரியாகப் போட்டுவிட்டு, அனுப்பும் காகிதத்தில் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய அட்டையின் அசலை நாங்கள் அனுப்பவில்லை. நம் க்ளினிக்குகளில் இருபது வருஷத்துக்கு முந்திய பதிவேட்டைப் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இந்த அட்டைதான் ஒரே பதிவு. இரண்டு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்தோம். எடை வரைபடம் இருக்கும் பக்கத்தை விட்டுவிடக் கூடாது, அக்டோபர் 2-க்கு அதுவே சாட்சி.

அதோடு ஒரு புதிய தாள். அட்டையில் இருந்த ஒவ்வொரு ஊசியையும் வரிசையாக எழுதி, தேதியில் மாதத்தை எண்ணில் போடாமல் பெயரிலேயே எழுதினேன். தட்டம்மை ஊசியைத் தட்டம்மை என்றே எழுதினேன், எம்எம்ஆர் என்று எழுதவில்லை. அதைக் கொஞ்சம் நகர்த்தி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தரமாட்டேன். பொய்யான பதிவு என்பது ஒரு பக்கம். ருபெல்லாவுக்கு எதிர்ப்பில்லாத ஒரு பெண் நாளைக்குக் கர்ப்பமாக இருக்கும்போது அந்த நோய் வந்தால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது தாக்கும். அந்த எம்எம்ஆர் அவளுக்கு நிஜமாகவே வேண்டும்.

புதிதாகப் போட்டவற்றுக்குக் குப்பி எண், கையெழுத்து, முத்திரை. ரத்த ரிசல்ட்டை ஆய்வகத்தின் தாளாகவே இணைத்தோம், அளவு எண்ணோடு. ஜூலை 18-இல் ஏற்றினாள். அடுத்த வாரம் எல்லா இடத்திலும் 'ஏற்கப்பட்டது' என்று வந்துவிட்டது.

பிரிட்டனுக்குப் போகிறவராக இருந்திருந்தால் பாதி வேறு மாதிரி. அங்கே குழந்தைகளுக்கே 16 வாரத்துக்குள் ஹெபடைடிஸ் பி-யின் முதல் மூன்று தவணையும் போட்டுவிடுகிறார்கள், ஆகவே நம் 14-ஆம் வாரத்தைப் பற்றி இந்தச் சண்டை எழாது. அதற்குப் பதில், ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகிறவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து விசா கேட்கும்போது நெஞ்சு எக்ஸ்ரேயோடு காசநோய்ச் சான்றிதழ் வேண்டும். ஆனால் எம்எம்ஆர் குறை இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான், இந்த வயதுக்காரர் அத்தனை பேருக்கும் ஒன்றுதான்.

ஆகஸ்டில் பெண் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அம்மா மறுபடி வந்தார், இந்தத் தடவை 2010-இல் பிறந்த மகனின் அட்டையோடு. அதில் நிமோனியா ஊசிக்கும் ரோட்டாவைரஸுக்கும் கட்டம் இருக்கிறது. ஆறு வயது வரிசையும் பன்னிரண்டு வயது வரிசையும் அச்சாகியிருக்கின்றன. தட்டம்மை மட்டும் அக்காவுடையதைப் போலவே, ஒன்பதாம் மாதமும் பதினெட்டாம் மாதமும், தனி ஊசி. ஹெபடைடிஸ் பி-யும் அதே 6, 10, 14 வாரம். பன்னிரண்டு வயதுக் கட்டம் காலி. பையன் எங்கேயும் போகவில்லை, பதினொன்றாம் வகுப்பு கூட வரவில்லை. டீடேப்பும் எம்எம்ஆர் முதல் தவணையும் அன்றைக்கே போட்டோம். அடுத்த தவணைக்கான தேதியை அட்டையின் ஓரத்தில் மாதத்தின் பெயரோடு எழுதிக் கொடுத்தேன்.